ஆர்சியில் 6, இன்ஜினில் 8: பழைய பல்சருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்

கேள்வி: "திருச்சியில் ஒரு 2018 பல்சர் 150 பார்த்திருக்கிறேன், விலை 48,000. ஆர்சியில் இன்ஜின் நம்பர் 60318 என்று முடிகிறது, இன்ஜினில் 80318 மாதிரி தெரிகிறது. சேஸ் நம்பர் துருவில் சரியாகத் தெரியவில்லை. ஆர்டிஓ ஆபீசில் டைப் பண்ணும்போது தப்பாகிவிட்டது, பெயர் மாற்றும்போது சரி பண்ணிக்கலாம் என்கிறார் விற்பவர். 5,000 அட்வான்ஸ் கேட்கிறார். கொடுக்கலாமா?"

இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். ஆனால் அதற்குக் காரணம் அந்த 6-8 இல்லை. அதற்கு அப்பாவித்தனமான காரணம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு, கீழே சொல்கிறேன். எனக்கு உறுத்துவது நீங்கள் ஒரே வரியில் தாண்டிப் போன விஷயம்: சேஸ் நம்பரை நீங்கள் இன்னும் படிக்கவே இல்லை. ஆர்டிஓ கணக்கில் வண்டி என்றால் சேஸ்தான். இன்ஜின் என்பது கெட்டுப்போனால், அனுமதி வாங்கிக்கொண்டு மாற்றக்கூடிய ஒரு பாகம். சேஸ் நம்பர் ஆர்சியோடு ஒத்துப்போனால் இன்ஜின் நம்பர் குழப்பத்தைத் தீர்க்க வழி இருக்கிறது. சேஸ் நம்பர் ஒத்துப்போகவில்லை என்றால் உங்கள் முன்னால் நிற்பது அந்த ஆர்சிக்கு உரிய வண்டியே இல்லை, இன்ஜினைப் பற்றிப் பேசிப் பயனில்லை. நான் டூ வீலர் மெக்கானிக். பழைய வண்டி வாங்குகிறவர்களோடு கூடப்போய்ப் பார்த்துச் சொல்வதும், கன்சல்டிங் கடைக்காரர்களுக்கு வண்டி பார்த்துக் கொடுப்பதும் பல வருடமாகச் செய்கிற வேலை. அந்த அனுபவத்தில் எழுதுகிறேன். வக்கீல் இல்லை, சட்டப் பக்கத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலில் சேஸ் நம்பரைப் படிக்கும் வழி. பல்சரில் அது ஹேண்டில்பார் திரும்பும் கழுத்துக் குழாயில், வண்டியில் உட்கார்ந்தால் உங்கள் வலது கைப் பக்கம் இருக்கும். ஹேண்டிலை இடது பக்கம் கடைசிவரை திருப்பிவிட்டுப் பார்த்தால் தெரியும். அங்கே ஒயர்கள், கிளட்ச் கேபிள் எல்லாம் உரசிக்கொண்டு போவதால் மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து அடைத்திருக்கும். நிறைய பேர் "துரு, தெரியவில்லை" என்று சொல்வது பாதி நேரம் வெறும் அழுக்குதான். கொஞ்சம் மண்ணெண்ணெயோ டீசலோ தடவி ஐந்து நிமிடம் ஊறவிட்டு, பழைய டூத் பிரஷால் தேய்த்துத் துணியால் துடையுங்கள். எமரி தாள், கம்பி பிரஷ், உளி எதுவும் அந்த இடத்தில் படவே கூடாது. விற்பவர் "இருங்க, நான் தேய்ச்சு விடறேன்" என்று எமரி தாளை எடுத்தாலும் கையைப் பிடித்து நிறுத்துங்கள். எமரி போட்டால் எழுத்தின் ஓரங்கள் மழுங்கும், பெயின்ட் போய் இரும்பு பளபளக்கும், அப்புறம் அந்த இடத்தைப் பார்க்கிற பிரேக் இன்ஸ்பெக்டருக்கு அது நம்பரைத் தட்டி மாற்றிய வண்டி போலத்தான் தெரியும்.

துடைத்த பிறகு செல்போன் டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில், உலோகத்தோடு ஒட்டினாற்போல் சாய்த்து அடியுங்கள். பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பித் தெரியும். அப்படியும் தெளிவில்லை என்றால் சாக்பீஸ் பொடியைத் தேய்த்து மேலாகத் துடைத்தால் பள்ளத்தில் வெள்ளை தங்கும். கடைசியாக பென்சில் பிரின்ட்: நம்பர் மேல் பென்சிலை நன்றாகத் தேய்த்து, செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி எடுத்து வெள்ளைத் தாளில் ஒட்டிவிடுவது. இன்சூரன்ஸ் சர்வேயரும் இதைத்தான் எடுப்பார், ஆர்டிஓ வேலைக்கும் பல இடங்களில் இதைத்தான் கேட்பார்கள், அதனால் விற்பவரிடம் இது ஏதோ சந்தேகப்பட்டுச் செய்வதாக விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. பிரின்ட் எடுக்க வேண்டாம் என்று ஒருவர் தடுத்தால் அந்த வண்டியை விட்டுவிடலாம்.

இதில் ஒரு முறை முக்கியம். ஆர்சியைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியில் நம்பரைத் தேடாதீர்கள். 6 என்று எதிர்பார்க்கிற கண்ணுக்கு 8-ம் 6 ஆகத்தான் தெரியும். முதலில் வண்டியில் இருப்பதை ஒவ்வொரு எழுத்தாக ஒரு தாளில் எழுதுங்கள், சந்தேகமான இடத்தில் கேள்விக்குறி போடுங்கள், அப்புறம் ஆர்சியை வாங்கி ஒப்பிடுங்கள். கூட வந்தவர் ஒருவர் வாசிக்க நீங்கள் எழுதினால் இன்னும் நல்லது. கடைசி ஐந்து எண் மட்டும் பார்த்துவிட்டு "மேட்ச் ஆகுது" என்று எழுந்துவிடுகிறவர்கள் நிறைய பேர், முழுதாக 17-ம் பார்க்க வேண்டும்.

ஏன் 17 என்றால் இப்போதைய வண்டிகளின் சேஸ் நம்பர் எப்போதும் 17 இலக்கம்தான், ஒன்று கூடினாலோ குறைந்தாலோ நீங்கள் தவறாகப் படித்திருக்கிறீர்கள், இல்லை என்றால் நம்பரே தவறு. இந்த 17-இல் I, O, Q என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் வரவே வராது. ஒன்று, பூஜ்யம் ஆகியவற்றோடு குழம்பக் கூடாது என்பதற்காக உலக அளவிலேயே விலக்கி வைத்த எழுத்துகள் அவை. ஆகவே சேஸில் O மாதிரி தெரிவது பூஜ்யம், I மாதிரி தெரிவது ஒன்று. ஆர்சியில் O என்று அச்சாகியிருந்தால் அது டைப் செய்தவரின் தவறு என்று தைரியமாகச் சொல்லலாம். இந்த விதி சேஸ் நம்பருக்கு மட்டும்தான். இன்ஜின் நம்பரைக் கம்பெனிகள் தங்கள் இஷ்டப்படி அமைக்கின்றன, அங்கே இதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

முதல் மூன்று இலக்கம் கம்பெனியைச் சொல்லும். பஜாஜ் வண்டிக்கு MD2 என்று தொடங்கும். ஹீரோவுக்கு MBL, டிவிஎஸ்ஸுக்கு MD6, ஹோண்டாவுக்கு ME4, ராயல் என்பீல்டுக்கு ME3. பல்சரின் கழுத்தில் MD2 தவிர வேறு ஏதாவது இருந்தால் அங்கேயே திரும்பி வந்துவிடுங்கள். பத்தாவது இலக்கம் பெரும்பாலான கம்பெனிகளில் வருடத்தைக் குறிக்கும்: 2016-க்கு G, 2017-க்கு H, I கிடையாது என்பதால் 2018-க்கு J, 2019-க்கு K. ஆர்சியில் தயாரித்த மாதமும் வருடமும் தனியாக இருக்கும், பதிவு செய்த தேதி வேறு. டிசம்பர் 2017-இல் தயாராகி பிப்ரவரி 2018-இல் பதிவான வண்டியில் H இருந்தால் அதில் தப்பு இல்லை. 2018-இல் தயாரானது என்று ஆர்சி சொல்லும் வண்டியின் சேஸில் E இருந்தால், அது 2014-க்கான எழுத்து, அதை விற்பவரால் எந்தக் கதையாலும் சமாளிக்க முடியாது.

நம்பர் தெரிந்துவிட்டது, ஒத்தும் போகிறது என்றால், அது கம்பெனி அடித்த நம்பர்தானா என்று பாருங்கள். கம்பெனியில் இயந்திரம் அடிப்பதால் எழுத்துகள் எல்லாம் ஒரே உயரம், ஒரே ஆழம், இடைவெளி சீராக, ஒரே கோட்டில் நிற்கும். பட்டறையில் ஒவ்வொரு எழுத்துக்கும் தனித்தனி அச்சை, அதாவது பஞ்ச்சை, வைத்துச் சுத்தியலால் அடித்தால் எவ்வளவு கை தேர்ந்தவர் அடித்தாலும் ஒரு எழுத்து கொஞ்சம் மேலே, ஒன்று கீழே, ஒன்று ஆழமாக, ஒன்று மேலோட்டமாக விழும். நம்பர் இருக்கும் இடத்தில் விரல் நகத்தை மேலிருந்து கீழாக ஓட்டிப் பாருங்கள், அந்த இடம் மட்டும் லேசாகக் குழிந்திருந்தால் பழைய நம்பரை கிரைண்டரில் தேய்த்திருக்கலாம். மேடாக இருந்தால் வெல்டிங் போட்டு நிரப்பியோ தகடு ஒட்டியோ இருக்கலாம். பெயின்டும் கதை சொல்லும். வண்டி முழுக்க மங்கிப்போய்க் கழுத்து மட்டும் புதுக் கறுப்பில் மின்னினால் ஏன் என்று கேளுங்கள். இதில் ஒரு எச்சரிக்கை: விபத்தில் கழுத்து வளைந்து நிமிர்த்திய வண்டியிலும் புது பெயின்ட் இருக்கும். அதை வாங்குவது வேண்டாம் என்று நான் வேறு காரணத்துக்காகச் சொல்வேன், ஆனால் அது திருட்டு வண்டி ஆகிவிடாது. கண்ணால் பார்த்துச் சந்தேகப்படத்தான் முடியும், தீர்ப்புச் சொல்ல முடியாது. தடய அறிவியல் ஆய்வகத்தில் ரசாயனம் தடவி, தேய்த்து அழித்த நம்பரையே பல சமயம் மீட்டெடுக்கிறார்கள், ஏனென்றால் பஞ்ச் அடிக்கும்போது எழுத்துக்கு அடியில் உள்ள உலோகமும் நசுங்கியிருக்கும். அது போலீஸ் வழக்கு ஆன பிறகு நடக்கிற வேலை. வாங்குகிறவருக்குச் சந்தேகம் வந்தால் அதுவே போதும், ஊரில் பல்சருக்குப் பஞ்சமில்லை.

இப்போது உங்கள் 6-க்கும் 8-க்கும் வருவோம். பல்சரில் இன்ஜின் நம்பர் இடது பக்க கிரான்க் கேஸில், கியர் லீவருக்குப் பக்கத்தில் இருக்கும். செயினிலிருந்து தெறிக்கும் எண்ணெயும் ரோட்டு மண்ணும் சேர்ந்து அப்பிக்கொள்ளும் இடம் அது. இன்ஜின் அலுமினியம் என்பதால் துருப்பிடிக்காது, ஆனால் வெள்ளையாகப் பூத்து எழுத்துக்குள் நிரம்பிவிடும். 6-இன் வலது மேல் பக்கம் இடைவெளியில் அழுக்குக் கோடு விழுந்தால் அது 8 போலத் தெரியும். ஆகவே முதல் வேலை, மேலே சொன்ன மாதிரியே ஊறவைத்து, பிரஷ் போட்டு, டேப்பில் பிரின்ட் எடுத்துவிட்டு, அது உண்மையிலேயே 8-தானா என்று உறுதி செய்வது. பாதிக் கேள்வி இங்கேயே தீர்ந்துவிடலாம்.

நிஜமாகவே 8 என்றால், நம்பர் எப்படி மாறியிருக்கிறது என்பதே காரணத்தை ஓரளவு காட்டிக்கொடுக்கும். இதைப் பலர் யோசிப்பதில்லை. திருடியவன் நம்பரைத் திருத்தினால் ஆர்சியோடு ஒத்துப்போகத்தான் திருத்துவான், ஒரு எண் தள்ளி இருக்கும்படி திருத்த அவனுக்கு எந்தத் தேவையும் இல்லை. மற்ற எல்லா இலக்கமும் ஒத்துப்போய், பார்க்க ஒரே மாதிரி இருக்கும் ஒரே ஒரு எண் மட்டும் மாறியிருந்தால், 6-8, 3-8, 1-7, B-8, S-5 இந்த மாதிரி, அது பெரும்பாலும் படித்ததிலோ டைப் செய்ததிலோ நேர்ந்த தவறு. பக்கத்துப் பக்கத்து எண்கள் இடம் மாறி 60318 என்பது 60381 ஆகியிருந்தாலும் அதே கதைதான். மாறாக முன்னால் உள்ள எழுத்துகள் எல்லாம் ஒன்றாக இருந்து கடைசி ஐந்தும் முழுக்க வேறாக இருந்தால், அதே மாடலின் இன்னொரு இன்ஜின் ஏறியிருக்கிறது. முன்னெழுத்துகளே வேறு என்றால் வேறு மாடல் இன்ஜின். இந்த இரண்டையும் "டைப்பிங் மிஸ்டேக்" என்று ஒருவர் சொன்னால் அவர் உங்களை முட்டாள் என்று நினைக்கிறார். உங்கள் நிலைமை முதல் வகையில் வருகிறது, விற்பவர் உண்மையே சொல்லியிருக்கலாம். ஆனால் "இருக்கலாம்" என்பதற்கு 48,000 கொடுக்க முடியாது.

இதை உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது, நான் பார்த்தவரை வாங்குகிறவர்களில் ரொம்பக் கொஞ்சம் பேர்தான் இதைப் பயன்படுத்துகிறார்கள். கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கு வண்டியைக் கொண்டு போங்கள், விற்பவரையும் கூட்டிக்கொண்டு. அவர்கள் சிஸ்டத்தில் சேஸ் நம்பரைப் போட்டால் அந்த வண்டி எந்த மாடல், என்ன நிறம், எப்போது விற்றது, கம்பெனியிலிருந்து வரும்போது எந்த இன்ஜின் நம்பரோடு வந்தது எல்லாம் வரும். சும்மா போய்க் கேட்டால் "கஸ்டமர் விவரம் தர முடியாது" என்பார்கள், அது நியாயமும்கூட. ஓனரே நேரில் இருந்து, ஒரு ஜெனரல் செக்-அப்புக்கு ஜாப் கார்டு போட்டால் அந்த விவரம் தானாகவே திரையில் வந்து நிற்கும். செக்-அப் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள், 48,000-க்கு முன்னால் அது ஒன்றும் இல்லை, வண்டியின் மற்ற குறைகளும் தெரிந்துவிடும். சேஸ் நம்பர் சிஸ்டத்திலேயே வரவில்லை, அல்லது நீங்கள் பார்க்கிற நீல வண்டிக்குச் சிவப்பு என்று வருகிறது என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

உங்கள் வண்டிக்கு அங்கே மூன்றில் ஒன்று வரும். கம்பெனிப் பதிவில் 80318 என்று வந்தால், இன்ஜின் அந்த வண்டியோடு பிறந்ததுதான், ஆர்சியில்தான் தவறு. விற்பவர் சொன்னது சரி. அப்போது ஷோரூம் பில், விற்பனைச் சான்றிதழான ஃபார்ம் 21, முதல் இன்சூரன்ஸ் பாலிசி இவற்றில் எந்த நம்பர் இருக்கிறது என்று பாருங்கள். அவற்றில் 8 இருந்து ஆர்சியில் மட்டும் 6 என்றால் திருத்துவது எளிது, ஓனர் விண்ணப்பம் கொடுத்து, வண்டியைக் காட்டி, பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்து எழுதினால் திருத்திவிடுவார்கள். பில்லிலேயே 6 என்று இருந்தால் தவறு டீலர் கடையில் தொடங்கியிருக்கிறது, அவர்களிடமிருந்து திருத்தக் கடிதமும் வாங்க வேண்டிவரும், அலைச்சல் கூடும்.

இரண்டாவது, கம்பெனிப் பதிவில் 60318 என்று வந்து இன்ஜினில் 80318 இருந்தால், ஆர்சி சரி, இன்ஜின்தான் வேறு. இவ்வளவு பக்கத்தில் உள்ள நம்பர் தற்செயலாக அமைவது அபூர்வம் என்றாலும் நடக்காது என்று சொல்ல மாட்டேன். இன்ஜின் சீஸ் ஆகி, பழைய மார்க்கெட்டில் ஒரு இன்ஜின் வாங்கிப் போட்டு ஓட்டுகிறவர்கள் நம் ஊரில் நிறைய உண்டு, எல்லோரும் திருடர்கள் இல்லை, பேப்பர் வேலைக்குச் சோம்பல் பட்டவர்கள். ஆனால் சட்டப்படி இன்ஜின் மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி ஆர்டிஓவிடம் அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்ற வேண்டும். இவர் ஏற்றவில்லை. அந்த இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது, அந்த வண்டி எங்கே, பில் இருக்கிறதா என்ற மூன்று கேள்விக்கும் காகிதத்தில் பதில் இல்லாவிட்டால் நீங்கள் வாங்குவது ஒரு நல்ல சேஸும் யாருடையது என்று தெரியாத ஒரு இன்ஜினும். நான் வாங்க மாட்டேன். மூன்றாவது, கம்பெனிப் பதிவு ஆர்சியோடும் ஒத்துப்போகவில்லை, இன்ஜினோடும் ஒத்துப்போகவில்லை என்றால் பேச ஒன்றும் இல்லை, கிளம்பி வாருங்கள்.

எல்லா நம்பரும் ஒத்துப்போகிற வண்டியிலும் ஒரு ஆபத்து உண்டு. திருட்டு வண்டிக்கு, அதே மாடல் அதே நிறத்தில் ரோட்டில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் இன்னொருவர் வண்டியின் நம்பர் பிளேட்டையும் சேஸ் நம்பரையும் அடித்து, ஆர்சியும் போலியாகத் தயார் செய்து விற்பது. அந்த வண்டியில் உலோகமும் ஆர்சியும் அச்சு அசலாக ஒத்துப்போகும், ஆன்லைனில் தேடினாலும் சரியான விவரமே வரும், ஏனென்றால் அந்தப் பதிவு உண்மையான பதிவு. mParivahan ஆப்பில் பார்த்துவிட்டேன், எல்லாம் சரி என்று சொல்கிறவர்களுக்கு இது தெரிவதில்லை. ஆப் சேஸ், இன்ஜின் நம்பர்களைச் சில இலக்கங்கள் மறைத்துத்தான் காட்டும், ஓனர் பெயரையும் முழுதாகக் காட்டாது. அது ஆர்சியில் எழுதியிருப்பதைச் சரிபார்க்க உதவும், உங்கள் முன்னால் நிற்கும் இரும்பைச் சரிபார்க்க உதவாது.

இதற்கு என் வழக்கம், பெயர் மாற்ற விண்ணப்பத்தை விற்பவரின் செல்போனிலேயே, பணம் கை மாறும் முன் தொடங்கச் சொல்வது. vahan.parivahan.gov.in தளத்தில் வண்டி நம்பரைக் கொடுத்து சேவையைத் தேர்ந்தெடுத்தால் சேஸ் நம்பரின் கடைசி ஐந்து இலக்கம் கேட்கும். அதை ஆர்சியைப் பார்க்காமல் நீங்கள் கழுத்திலிருந்து எடுத்த பிரின்ட்டைப் பார்த்துப் போடுங்கள். தளம் ஏற்றுக்கொண்டால் அடுத்து ஓனரின் பதிவான மொபைலுக்கு ஓடிபி போகும். அது எதிரில் இருப்பவரின் போனில் வந்து விழுந்தால், அவர்தான் பதிவில் உள்ள ஓனர், அல்லது குறைந்தபட்சம் அந்த மொபைல் அவரிடம் இருக்கிறது. ஆர்சியில் உள்ள பெயரையும் அவர் ஆதாரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வரவில்லை என்றால் உடனே திருடன் என்று முடிவு கட்ட வேண்டாம், 2018-இல் வாங்கும்போது டீலர் கடைப் பையனின் நம்பரைப் போட்டிருப்பார்கள், அல்லது ஓனர் சிம் மாற்றியிருப்பார். மொபைல் நம்பரை மாற்றிக்கொள்ள அதே தளத்தில் வழி இருக்கிறது. மாற்றிவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன் என்று சொல்லுங்கள். உண்மையான ஓனர் முணுமுணுத்துக்கொண்டே செய்துவிடுவார். "இது நண்பர் வண்டி, அவர் துபாயில் இருக்கிறார், பெயர் மாற்றத்துக்கு சைன் போட்ட ஃபார்ம் 29, 30 என்னிடம் இருக்கிறது" என்கிறவரிடம்தான் கவனம் வேண்டும். கையெழுத்துப் போட்ட ஃபாரத்தோடு நாலு கை மாறி வந்த வண்டி கன்சல்டிங் கடைகளில் சகஜம், எல்லாம் மோசடி இல்லை, ஆனால் கடைசியில் சிக்கிக்கொள்வது நீங்கள்தான்.

அந்தத் தேடலிலேயே எச்பி, அதாவது வண்டி மேல் கடன், இருக்கிறதா என்றும் தெரியும். இருந்தால் பைனான்ஸ் கம்பெனியின் என்ஓசியும் எச்பியை ரத்து செய்ய அவர்கள் கையெழுத்திட்ட ஃபார்ம் 35-ம் வேண்டும். கடனைக் கட்டி முடித்தும் எச்பி ரத்து செய்யாமல் விட்டவர்கள் ஏராளம், அதையும் விற்பவர் முடித்துத் தரட்டும்.

"பெயர் மாற்றும்போது சரி பண்ணிக்கலாம்" என்ற வார்த்தையை மட்டும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். திருத்தத்துக்கு விண்ணப்பிக்க வேண்டியது பதிவில் உள்ள ஓனர், அதற்கான பில்லும் ஃபார்ம் 21-ம் இருப்பது அவரிடம். பணம் கொடுத்துவிட்டால் உங்களுக்கு இருக்கும் அவசரம் அவருக்கு இருக்காது. நம்பர் வேறுபட்டு இருக்கும்போது பெயர் மாற்றத்தை ஆபீசில் நிறுத்தி வைக்கலாம், வாங்கியவர் 30 நாளுக்குள் மாற்ற வேண்டும் என்ற கணக்கோ ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் விபத்தோ திருட்டோ நடந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் பார்ப்பது இதே இரண்டு நம்பரைத்தான், பாலிசியோடு ஒத்துப்போகவில்லை என்றால் கிளைம் நின்றுவிடும். வண்டி திருட்டு என்று தெரிந்தால் போலீஸ் எடுத்துக்கொண்டு போய்விடும். தெரியாமல் வாங்கினேன் என்பது உங்களைக் குற்றத்திலிருந்து காப்பாற்றலாம், திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, சந்தேகப்படக் காரணம் இருந்தோ வாங்கியவருக்குத்தான் திருட்டுப் பொருள் வாங்கிய குற்றம் பொருந்தும். ஆனால் வண்டி அசல் ஓனருக்குப் போகும், கொடுத்த பணத்துக்கு விற்றவனைத் தேட வேண்டியது நீங்கள். அதோடு, நம்பர் மாறியிருப்பது வாங்கும் முன்பே தெரியும் என்று இங்கே நீங்களே எழுதியிருக்கிறீர்கள் என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

விற்பவரிடம் சண்டை போடாமல் இப்படிச் சொல்லலாம்: "அண்ணே, வண்டி பிடிச்சிருக்கு, விலையும் சரி. சேஸ் நம்பரை சுத்தம் பண்ணி பிரின்ட் எடுத்துக்கலாம், ஒரு நாள் சர்வீஸ் சென்டர்ல காட்டிடலாம், செலவு என்னோடது. ஆர்சியில அந்த ஒரு எண்ணை நீங்க திருத்திட்டு வாங்க, அதுவரைக்கும் வேற யாருக்கும் கொடுக்காம இருக்க ஆயிரம் ரூபா டோக்கன் போடறேன்." டோக்கனும் சேஸ் நம்பர் ஒத்துப்போவதையும் சர்வீஸ் சென்டர் பதிவில் 80318 வருவதையும் கண்ணால் பார்த்த பிறகுதான், அதுவும் ரொக்கமாக இல்லாமல் ஓனர் பெயரில் உள்ள கணக்குக்கு, வண்டி நம்பரையும் "திருத்தம் ஆகாவிட்டால் திரும்பத் தரப்படும்" என்பதையும் எழுதி அவர் கையெழுத்தோடு. மீதியைத் திருத்திய ஆர்சி வந்து, பெயர் மாற்ற விண்ணப்பத்துக்கு அவர் ஓடிபி கொடுத்து, ஃபார்ம் 29-இலும் 30-இலும் உங்கள் முன்னால் கையெழுத்துப் போடும் அன்று கொடுங்கள். திருத்தம் வர எவ்வளவு நாள் ஆகும் என்பது ஆபீசுக்கு ஆபீஸ் மாறும், விற்பவர் பொறுமை இழந்து வேறு ஆளுக்கு விற்றுவிடவும் கூடும். விற்கட்டும். டேப்பில் எடுத்த பிரின்ட்டைப் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், கடைசி நான்கு இலக்கத்தை மறைத்துவிட்டு. எழுத்துகளின் வரிசையும் ஆழமும் கம்பெனி அடித்தது மாதிரி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.